சர்க்கரையும் தெவிட்டலும்: ஒரு நொதியின் இரண்டு எண்கள்

'தெவிட்டுதல்' என்னும் சொல்லை நாம் இனிப்போடு சேர்த்தே வழங்கி வருகிறோம். வேதியியலார் அச்சொல்லைக் கரைசலுக்கும், பின்னர் நொதிக்கும் எடுத்தாண்டனர். நொதி தெவிட்டுவதை முதன்முதலில் தெளிவுற அளந்த ஆய்வும் சர்க்கரையைக் கொண்டே நிகழ்ந்தது என்பது இனிய பொருத்தமாகும்.

1913இல் பெர்லின் நகரில் லியோனார் மிக்கேலிசு என்பவரும் கனடா நாட்டு அம்மையாரான மாட் மென்டன் என்பவரும், ஈசுட்டில் உள்ள இன்வெர்ட்டேசு என்னும் நொதி கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளக்கும் வேகத்தை அளந்தனர். அமிலத்தன்மையை மாறாமல் காத்து, வினை தொடங்கியவுடன் உள்ள வேகத்தையே அவர்கள் கணக்கில் கொண்டனர். சர்க்கரைச் செறிவு மிக மிக வேகம் ஏறுகிறது. ஆனால், ஏற்றம் படிப்படியாகத் தளர்ந்து ஓர் எல்லையை நெருங்குகிறது. நொதி மூலக்கூறுகள் அனைத்தும் சர்க்கரையைப் பற்றிக்கொண்டபின், மேலும் சர்க்கரை சேர்ப்பதால் பயனில்லை என்பதே காரணம். இதனைப் பின்வரும் சமன்பாடு கூறும்:

v = Vmax × S / (Km + S)

இதில் S சர்க்கரையின் செறிவு. v அச்செறிவில் காணும் வேகம். Vmax உச்ச வேகம். Km என்பது உச்ச வேகத்தில் பாதி கிட்டும் செறிவு. இதனை அரைத்தெவிட்டு மாறிலி என்பர். மேற்கண்ட இருவரும் பெற்ற Km ஏறத்தாழ 16.7 மில்லிமோலார்.

விளக்கத்திற்காக, Km 16 மில்லிமோலாரும் Vmax நிமிடத்திற்கு 60 மைக்ரோமோலாரும் உடைய நொதி ஒன்றைக் கொள்வோம். 4, 8, 16, 48, 80 மில்லிமோலார் செறிவுகளில் அதன் வேகம் முறையே 12, 20, 30, 45, 50 ஆகும். Kmஐப் போல் ஐந்து மடங்கு செறிவிலும் வேகம் 60ஐ எட்டவில்லை என்பதை நோக்குக. வரைபடத்தில் கோடு தட்டையாகத் தோன்றும் இடத்தையே உச்சம் என்று கண்ணால் கொள்வது பிழையாகும். அவ்வாறு கொண்டால் Vmax, Km இரண்டும் குறைந்துவிடும்.

இவ்விடர் நீங்க, 1934இல் லைன்வீவர், பர்க் ஆகியோர் வேகத்தின் தலைகீழியைச் செறிவின் தலைகீழிக்கு எதிராக வரையும் முறையை முன்வைத்தனர். வளைகோடு நேர்கோடாகிறது, அதன் வெட்டுத்துண்டிலிருந்து Vmax, சாய்விலிருந்து Km கிடைக்கின்றன. ஆயினும் இம்முறையில் ஒரு குறை மறைந்துள்ளது. மிகத் தாழ்ந்த செறிவில் மாற்றம் சிறிதாகத் தோன்றுவதால், அந்த ஒரு குழாயை மட்டும் மாணவர் நெடுநேரம் விட்டுவைத்ததாகக் கொள்வோம். அதற்குள் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகி, 12க்குப் பதில் 11 என்னும் சராசரி வேகமே கிட்டும். ஏனைய நான்கும் பிழையற்றவை. இருப்பினும், தலைகீழிகளுக்கு நேர்கோடு பொருத்தினால் Vmax சுமார் 65.5 ஆகவும் Km சுமார் 19.5 ஆகவும் உயர்ந்துவிடுகின்றன! அதே ஓர் அலகுப் பிழை 80 மில்லிமோலாரில் நேர்ந்திருப்பின், 59.4, 15.8 என்று சிறிதளவே மாறியிருக்கும். சிறிய எண்ணின் தலைகீழி, அதன் பிழையையும் பெரிதாக்குகிறது.

எனவே இன்று மூலச் சமன்பாட்டையே நேரடியாகக் கணிப்பொறியால் பொருத்துகின்றனர். காணும் வேகத்திற்கும் கணித்த வேகத்திற்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாகும் Vmax, Km மதிப்புகளைத் தேடுவதே முறை. அதே பிழையுள்ள தரவுக்கு இது ஏறத்தாழ 60.5, 16.6 என்னும் விடைகளைத் தருகிறது. எனினும் கணிப்பொறி பிழையை நீக்குவதில்லை. அதன் செல்வாக்கைக் குறைக்கிறது, அவ்வளவே. சர்க்கரை நூற்றுக்கு ஐந்து பங்கு செலவாகுமுன் அளவை முடித்துக்கொள்வதே உண்மையான தீர்வு. செறிவுகளும் Kmஇன் இருபுறமும் பரவியிருத்தல் வேண்டும். 1 முதல் 4 மில்லிமோலார் வரை மட்டும் அளந்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் அமையும். அப்போது Vmax/Km என்னும் விகிதம் தெரியுமேயன்றி, இரண்டும் தனித்தனியே நம்பத்தக்கவாறு புலப்படா.

இறுதியாக, இவ்விரு எண்களும் உணர்த்தும் பொருளைக் காண்போம். நொதியின் அளவை இருமடங்காக்கினால் Vmax 120 ஆகும். Km 16 ஆகவே நிற்கும். ஆகவே Vmax நொதி எவ்வளவு இட்டோம் என்பதையும் பொறுத்தது. அதனை நொதியின் செறிவால் வகுத்தால்தான் ஒரு மூலக்கூற்றின் திறன் வெளிப்படும். Km அந்த நொதிக்கும், அந்த வினைப்பொருளுக்கும், அந்தச் சூழலுக்கும் உரிய இயல்பு. Km குறைவாயின் நொதி சர்க்கரையை இறுகப் பற்றுகிறது என்று பலரும் கூறுவர். பற்றிய சர்க்கரை பிளவுபடுவதைக் காட்டிலும் விடுபட்டுத் திரும்புவது மிக விரைவாக நிகழும்போது மட்டுமே அக்கூற்று பொருந்தும். மற்ற வேளைகளில் பிளக்கும் வேகமும் Kmஇல் கலந்துவிடுகிறது. ஆதலின், Kmஐப் 'பாதி வேகம் தரும் செறிவு' என்று மட்டும் உரைப்பதே எந்நிலையிலும் பிழைபடாத உரையாகும்.