காட்சி அளவும் கோணமும்

பா. இரஞ்சித் இயக்கிய 'மெட்ராஸ்' (2014) திரைப்படத்தின் கதை, புளியந்தோப்பை அடுத்த வியாசர்பாடியில் நிகழ்கிறது. அரசியல் தலைவரின் ஓவியம் தீட்டிய சுவரொன்று அங்குப் பகைக்குக் காரணமாகிறது.

அத்தகைய சுவரின்முன் அஞ்சி நிற்கும் இளைஞனைப் படமாக்குவதாகக் கொள்வோம். சேய்மைக் காட்சியில் குடியிருப்பும் சுவரும் விரிய, அவன் சிற்றுருவாகத் தெரிவான். இடுப்புவரை காட்டும் இடைநிலைக் காட்சியில் அவனது தயக்கம் உடலசைவில் புலப்படும். அண்மைக் காட்சி முகத்தின் உணர்ச்சியைக் காட்டும். கண்களை மட்டும் காட்டும் மிக அண்மைக் காட்சி அச்சத்தை மிகுவிக்கும். ஆனால், சுவரைக் காட்டுமுன் கண்களைக் காட்டினால், அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பது பார்வையாளருக்கு விளங்காது.

கருவியைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிப் படமெடுத்தால் சுவர் ஆதிக்கம் மிக்கதாய்த் தோன்றும். உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் இளைஞன் வலிமையற்றவனாவான். கண்மட்டக் கோணம் அவனைப் பார்வையாளருக்கு நிகராக நிறுத்தும். அவன் எதிர்க்கத் துணியும்போது, சுவருக்குரிய தாழ்கோணத்தை அவனுக்கு அளித்தால் போதும். உரையாடலின்றியே மாற்றம் புரியும்.