எதிர்பார்த்த கணக்குப் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு ஐஸ் போட்டு மீன் அனுப்பும் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய மரப்பெட்டிகளை விட்டுவிட்டு, விலை கூடிய ரெஜிபோம் பெட்டிகளுக்கு மாறலாமா என்பது அவரது யோசனை. இரண்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்தபோது பழுதான பெட்டிகளை எண்ணி எழுதுகிறார்.

மரப்பெட்டி 120 அனுப்பியதில் 29 பழுது, 91 நல்லது.
ரெஜிபோம் பெட்டி 80 அனுப்பியதில் 11 பழுது, 69 நல்லது.
மொத்தம் 200 பெட்டி. 40 பழுது, 160 நல்லது.

உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கும் மகன், கைவர்க்கச் சோதனையைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "வாப்பா, 11.125 வருகுது. 3.84ஐத் தாண்டினாலே போதும். புதுப்பெட்டியையே வாங்குவோம்" என்கிறார். பணத்தை எண்ணுமுன் அந்தத் தாளைச் சரிபார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை கேட்பது ஒரே கேள்விதான். பெட்டிகளுக்கிடையில் வித்தியாசமே இல்லையென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பெட்டி வந்திருக்கும்? அதுவே எதிர்பார்த்த மீடிறன். உண்மையில் எண்ணியது அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைத்தான் சோதனை அளக்கிறது. வித்தியாசம் இல்லாதபோது வெறும் தற்செயலால் 3.84க்கு மேல் வருவது நூற்றுக்கு ஐந்து தடவைதான்.

மகன் செய்தது என்ன? பழுதான 40ஐ இரண்டாகப் பிரித்து 20, 20 என்றும், நல்ல 160ஐ 80, 80 என்றும் எதிர்பார்த்திருக்கிறார். அனுப்பியது சமமாக இருந்தால் இது சரி. ஆனால் 120 மரப்பெட்டியும் 80 ரெஜிபோம் பெட்டியும் போயிருக்கின்றன. கூடுதலாக அனுப்பியதில் கூடுதலாகப் பழுதாவது இயல்பு. அதையும் பெட்டியின் குற்றமாக எழுதிவிட்டது இந்தக் கணக்கு.

இப்பிழை எளிதில் கண்ணில் படாது. 20, 80, 20, 80 ஆகியவற்றைக் கூட்டினால் 200 சரியாக வரும். பழுதின் மொத்தம் 40, நல்லதின் மொத்தம் 160 என்பவையும் சரியாகவே இருக்கும். மரப்பெட்டி வரியைக் கூட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். 20உம் 80உம் சேர்ந்து 100. அனுப்பியதோ 120. ஆகவே நிரலை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதாது, வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் எண்ணிய மொத்தங்களோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு இன்னும் விரைவான சோதனை உண்டு. எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் நான்கு கட்டத்திலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். மகனின் தாளில் 9, 11, 9, 11 என இருக்கிறது. மேலே போகத் தேவையில்லை, பிழை அங்கேயே இருக்கிறது.

சரியான வழி, வரி மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுப்பது. மரப்பெட்டியில் பழுது, 120 × 40 ÷ 200 = 24. மற்றவை 96, 16, 64. இப்போது எல்லாக் கட்டத்திலும் வித்தியாசம் 5. அதன் வர்க்கம் 25.

25/24 + 25/96 + 25/16 + 25/64 = 3.26

இது 3.84க்குக் கீழே. தீர்ப்பு மாறிவிட்டது.

இந்த 3.84 ஒரு சுயாதீனப் படிக்குரிய எல்லை. மொத்தங்கள் தெரிந்த நிலையில் 24 என்ற ஒரு கட்டம் கிடைத்தால் மற்ற மூன்றும் கழித்தலிலேயே வந்துவிடும், அதனால்தான் ஒன்று. 1900இல் இச்சோதனையைத் தந்த கார்ல் பியர்சனே இத்தகைய அட்டவணைக்கு மூன்று என்று கொண்டார். 1922இல் ஆர். ஏ. ஃபிஷர் அதைத் திருத்தினார்.

அப்படியானால் புதுப்பெட்டி வீணா? அப்படியும் சொல்ல முடியாது. மரப்பெட்டியில் நூற்றுக்கு 24, ரெஜிபோமில் நூற்றுக்கு 14 அளவில் பழுது. இதே வீதத்தில் 400 பெட்டி எண்ணியிருந்தால் விடை 6.51 ஆகி எல்லையைத் தாண்டியிருக்கும். இப்போதைக்குச் சான்று போதாது என்பதே பொருள். பெரிய ஓடர் கொடுக்காமல் இன்னும் கொஞ்சம் எண்ணலாம்.

எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு லொறி வழியில் பழுதாகி நின்றால் அதிலுள்ள பெட்டிகள் எல்லாம் சேர்ந்து கெடும். மரப்பெட்டி ஒரு லொறியிலும் ரெஜிபோம் வேறு லொறியிலும் போனால், நாம் சோதிப்பது பெட்டியை அல்ல, லொறியை. இரண்டு வகையையும் ஒரே லொறியில் கலந்து ஏற்றி, பல நாட்கள் எண்ணிய கணக்கே நம்பத்தக்கது.