வீடு மாற்ற வண்டி பேசும்போது: "மாடிக்கு 200" என்றால் என்ன?



சென்ற மாதம் நெல்பேட்டையிலிருந்து ஒத்தக்கடைக்கு வீடு மாறிய ஒரு குடும்பத்திலிருந்து மதியம் ஒரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. சாமான்கள் புது வீட்டுக்குள் போய்விட்டன. வண்டிக்காரர் 4,350 ரூபாய் கேட்கிறார். அவர்கள் கையில் எடுத்து வைத்திருந்தது 2,600 மட்டும். அட்வான்ஸ் கொடுத்ததில் மற்ற பணம் எல்லாம் போய்விட்டது. வாசலில் சத்தம்.

நான் போய் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கேட்டேன். போனில் பேசியது மூன்றே வரி: "குட்டியானை 1,200, ரெண்டு மணி நேரம். ஆளுக்கு 600, ரெண்டு ஆள். மாடிக்கு 200." குடும்பத்தார் 1,200, 1,200, 200 என்று கூட்டி 2,600 என எடுத்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் மனதில் இருந்த கணக்கு வேறு. அவர் ஏமாற்றவில்லை, இவர்களும் பொய் சொல்லவில்லை. பேச்சில் தெளிவு இல்லை, அவ்வளவுதான்.

முதல் குழப்பம் மாடி. பழைய வீடு இரண்டாவது மாடி, புது வீடு முதல் மாடி. இறக்குவதில் இரண்டு, ஏற்றுவதில் ஒன்று, ஆக மூன்று மாடி. அதையும் ஆள் கணக்கில் எடுத்தால் 200 ரூபாய் வீதம் மூன்று மாடிக்கு இரண்டு பேருக்கு 1,200. "மாடிக்கு 200" என்ற ஒரே சொல், ஒருவருக்கு 200, இன்னொருவருக்கு 1,200. அந்த ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்களிடம் விசாரித்தேன். மாடிக்கூலியை அங்கே ஆள் கணக்கில்தான் வாங்குகிறார்கள். எனவே அந்த 1,200 நின்றது.

இரண்டாவது குழப்பம் நேரம். வண்டி எட்டு மணிக்கு வாசலில் நின்றது. வேலை முடிந்தது ஒரு மணிக்கு. ஐந்து மணி நேரத்தில் இரண்டு போக மூன்று மணி நேரம் கூடுதல், மணிக்கு 250 வீதம் 750 என்றார். எங்கே போயின அந்த மூன்று மணி நேரம்? வண்டி வந்த பிறகுதான் வீட்டில் பாத்திரங்களைக் கட்டினார்கள். அதில் ஒரு மணி நேரம். லோடுமேன்களில் ஒருவர் தாமதமாக வந்ததில் ஒரு மணி நேரம். பழைய வீட்டின் படி திரும்பும் இடத்தில் பீரோ திரும்பாமல், கயிறு கட்டி பால்கனி வழியாக இறக்கியதில் மீதி. ஆள் வராத நேரத்துக்கு வீட்டுக்காரர் கூலி தர வேண்டியதில்லை. மற்ற இரண்டு மணி நேரம் தர வேண்டியதே. எனவே 750 என்பது 500 ஆனது.

வண்டி 1,200, கூடுதல் நேரம் 500, ஆட்கள் 1,200, மாடி 1,200. மொத்தம் 4,100. குறைந்த 1,500 ரூபாயை அறக்கட்டளையிலிருந்து கர்ளு ஹஸனாகக் கொடுத்து, வந்தவர்கள் கிளம்புமுன் கூலி கையில் போய்ச் சேர்ந்தது.

மதரஸாவில் இஜாரா பாடத்தில் முதலில் படிப்பது, வேலையும் கூலியும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். கூலி தெளிவில்லாமல் போனால் அந்த வேலைக்கு ஊர் வழக்கத்தில் உள்ள கூலியைப் பார்க்க வேண்டும். நான் ஸ்டாண்டில் விசாரித்தது அதற்காகத்தான். ஆனால் வழக்கத்தைத் தேடும் நிலைக்கு வருவதே சண்டைக்குப் பிறகுதான்.

வண்டி பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். அடிப்படை வாடகையில் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் அடக்கம்? நேரம் எப்போது தொடங்குகிறது, ஸ்டாண்டில் கிளம்பும்போதா, நம் வாசலில் நிற்கும்போதா? ஆள் கூலியில் கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது மூன்றும் சேர்த்தியா? மாடிக்கூலி ஆளுக்கா, மொத்தத்துக்கா. இரண்டு வீட்டுக்கும் உண்டா?

நம் பக்கமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனையாவது மாடி, பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எத்தனை, சந்துக்குள் வண்டி நுழையுமா என்பதைச் சொல்லுங்கள். நெல்பேட்டை, காஜிமார் தெருப் பக்கத்துச் சந்துகள் சிலவற்றில் வண்டி வெளியேதான் நிற்கும். அங்கிருந்து தூக்கி நடப்பதற்கும் கூலி கேட்பார்கள். கேட்பது நியாயம். பீரோவை முதலில் எந்த வழியாக மேலே கொண்டுவந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கயிற்றில் ஏற்றியிருந்தால் இறக்குவதும் கயிற்றில்தான்; அதற்கும் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் நாள் இரவே பாத்திரம், துணி, புத்தகங்களைக் கட்டி, வீட்டுப் பிள்ளைகளை வைத்துக் கீழே இறக்கி வைத்தால், வண்டி வந்ததும் கனமான சாமான்கள்தான் பாக்கி. நெல்பேட்டைக் குடும்பத்துக்கு இது ஒன்றே 250 ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கும்.

பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி வண்டிக்காரருக்கு அனுப்புங்கள்: "வண்டி 1,200, ரெண்டு மணி நேரம் அடக்கம். மேலே மணிக்கு 250. ரெண்டு ஆள் 1,200. மூணு மாடிக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்து 1,200." அவர் 'சரி' என்று போட்ட பிறகு வண்டியை வரச் சொல்லுங்கள். மேலே சொன்ன தொகைகள் அந்த ஒரு நாளின் கணக்கு. உங்கள் வண்டிக்காரர் வேறு சொல்லலாம். எந்தத் தொகையானாலும் வண்டி கிளம்புமுன் இரு தரப்புக்கும் அது ஒரே தொகையாக இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்