செல்லாத திருமணமா, விவாகரத்தா?

கமலாவுக்கு வயது 24. மத்தியப் பிரதேசத்தில் சாகர் என்ற ஊரில் பீடி சுற்றுகிறாள். 2023 மே மாதம் அவளுக்கும் மோகனுக்கும் கல்யாணம் நடந்தது. "எங்கள் பையனுக்கு இதுதான் முதல் கல்யாணம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

2024 ஆகஸ்டில் ஒரு பழைய பெட்டியைத் துடைக்கும்போது ஒரு புகைப்படம் கிடைத்தது. அதில் மோகன் வேறொரு பெண்ணுக்கு மாலை போடுகிறான்.

"அவள் என் முதல் மனைவி. அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம்" என்றான் மோகன்.

கமலா கைக்குழந்தையுடன் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனாள். அங்கே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

"எனக்கு விவாகரத்து வேண்டும், வக்கீலம்மா" என்றாள் கமலா.

"இரு அம்மா. முதலில் ஒன்று தெரிய வேண்டும். உன் கல்யாண நாளில், மோகனின் முதல் கல்யாணம் சட்டப்படி முடிந்திருந்ததா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு அது பொருந்தும். மற்ற மதத்தாருக்கு வேறு சட்டங்கள் உண்டு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது, அந்தக் கல்யாணம் முறியாமல் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது என்கிறது இந்தச் சட்டம். அப்படிச் செய்வது குற்றமும்கூட. செல்லாத கல்யாணம் என்றால், சட்டத்தின் கண்ணில் அது நடக்கவே இல்லை. நடக்காத கல்யாணத்துக்கு விவாகரத்து எதற்கு? 'இது செல்லாது' என்று நீதிமன்றம் அறிவித்தால் போதும்.

"ஒருவேளை முன்பே விவாகரத்து ஆகியிருந்தால்?" என்று கேட்டாள் கமலா.

"அப்படியானால் உன் கல்யாணம் செல்லும். ஆனால் உண்மையை மறைத்து உன் சம்மதத்தை வாங்கியிருக்கிறார்கள். அது மோசடி. அந்தக் காரணத்தைக் காட்டி, கல்யாணத்தை ரத்து செய்யும்படி நீ கேட்கலாம். நீதிமன்றம் ரத்து செய்யும் வரை நீ அவன் மனைவிதான்."

இப்படி ரத்து கேட்பதற்குக் கெடு உண்டு. மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனம் ஒப்பிக் கணவனோடு வாழ்ந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பல பெண்கள் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று இருந்தே இதை இழக்கிறார்கள். அதன்பின் விவாகரத்து ஒன்றுதான் வழி. விவாகரத்து என்பது செல்லுபடியான கல்யாணத்தை முடிப்பது. அதற்குக் கல்யாணத்துக்குப் பின் நடந்த கொடுமை, இரண்டு ஆண்டுகளாகக் கைவிட்டது போன்ற காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்து, சேர்ந்து மனு போட வேண்டும்.

மோகன் ஒரு முத்திரைத்தாளைக் காட்டினான். 'பஞ்சாயத்தார் முன் பிரிந்தோம்' என்று 2021-இல் எழுதியது. வக்கீலம்மா அதை ஒப்பவில்லை. பஞ்சாயத்தில் முறிப்பது அந்தச் சாதியில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்று நிரூபித்தால்தான் அது செல்லும். மோகனால் அதை நிரூபிக்க முடியவில்லை.

வக்கீலம்மா விசாரித்ததில், முதல் மனைவி குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியது தெரிந்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வந்தது. தேதி: 2023 நவம்பர். கமலாவின் கல்யாணம் நடந்ததோ அதே ஆண்டு மே மாதம்.

"இப்போதுதான் விவாகரத்து ஆகிவிட்டதே! இனி எங்கள் கல்யாணம் செல்லும்" என்று மோகன் வாதாடினான். அது எடுபடவில்லை. கல்யாண நாளில் நிலை என்ன என்பதுதான் கணக்கு. பின்னால் வாங்கிய விவாகரத்து அதைச் சரிசெய்யாது. புகைப்படம் மட்டும் இருந்திருந்தால், முதல் கல்யாணம் முறைப்படி நடந்ததா என்பதை நிரூபிக்கக் கமலா திண்டாடியிருப்பாள். தீர்ப்பு நகலே அதற்கும் சாட்சி ஆயிற்று. கல்யாணம் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது.

கமலாவுக்கு ஒரு பயம் இருந்தது. "என் குழந்தையை ஊர் என்ன சொல்லும்?"

கல்யாணம் செல்லாவிட்டாலும் குழந்தை சட்டப்படி முறையான குழந்தையே. பெற்றோரின் சொத்தில் அதற்கு உரிமை உண்டு. தந்தைக்குக் குடும்பச் சொத்தில் வரும் பங்கிலும் உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாத்தா, சித்தப்பா ஆகியோரின் பங்கைக் கேட்க முடியாது.

ஜீவனாம்சம்? கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டவரும் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்பதல்ல. இருவரின் வருமானத்தையும் நடத்தையையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். கமலா தன் பீடிக் கூலிச் சீட்டுகளையும், மோகனின் சம்பளச் சான்றையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறாள்.