பாதி தகவலைத் தரும்போது பதிலை எழுதும் முறை

ஆழ்வார்திருநகரி பேரூராட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தெருவில் வாறுகால் கட்டிய கணக்கைக் கேட்கிறார் மனுதாரர். கேள்விகள் நான்கு: மதிப்பீடு, எம் புக், பில் நகல்கள்; ஒப்பந்தக்காரரின் வங்கிக் கணக்கு எண்; ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால்வாயைத் தூர்வாரிய செலவு; பக்கத்துத் தெருவை ஏன் விட்டீர்கள்?

மனு வந்த அன்றே முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது கேள்வியைத்தான். கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. பிரிவு 6(3)-இன்படி அந்தப் பகுதியை மட்டும் ஐந்து நாளுக்குள் அந்தத் துறைக்கு அனுப்பிவிட்டு, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். முப்பதாவது நாளில் ‘எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல’ என்று எழுதுவது பதிலே அல்ல.

அடுத்து, தரக்கூடியதைத் தாமதிக்காமல் தரவேண்டும். நகல் 40 பக்கம் என்றால், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 80 ரூபாய் என்று கணக்கைக் காட்டிக் கடிதம் போடுங்கள். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டும் நாள்வரை 30 நாள் கெடுவில் சேராது. கெடு தாண்டிவிட்டால் இலவசமாகவே கொடுக்க வேண்டும்.

சிக்கல், பில்லிலேயே கணக்கு எண் இருப்பதில்தான். அதற்காகப் பில்லையே மறுத்துவிடுவார்கள் பலர். பிரிவு 10 அதை ஏற்பதில்லை. பிரிக்க முடிந்ததைப் பிரித்து மீதியைத் தரச் சொல்கிறது. மூலத்தில் கை வைக்காமல், நகலில் எண்ணைக் கறுப்பாக அடித்து, அந்தத் தாளை மறுபடி நகலெடுங்கள். ஒரே தடவை அடித்ததை வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரிந்துவிடும்.

மறுப்பதை இப்படி எழுதலாம்: ‘பில் நகல் வழங்கப்படுகிறது. அதிலுள்ள வங்கிக் கணக்கு எண் ஒப்பந்தக்காரரின் தனிப்பட்ட தகவல் என்பதால், பிரிவு 8(1)(ஜே)-இன்படி அது மட்டும் மறைக்கப்பட்டுள்ளது. வழங்கிய தொகையும் தேதியும் மறைக்கப்படவில்லை.’ பிரிவு எண்ணை மட்டும் போட்டால் காரணம் ஆகாது. எந்தத் தகவலுக்கு அது ஏன் பொருந்துகிறது என்பது வேண்டும்.

நான்காவது கேள்வியில் அவசரப்பட வேண்டாம். ஆவணத்தில் இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தெருவை விட்டதற்கு மன்றத் தீர்மானமோ கோப்புக் குறிப்போ இருந்தால், அதுவே தகவல். நகல் தர வேண்டும். கோப்பைப் புரட்டிய பிறகே ‘இது குறித்துப் பதிவு ஏதும் இல்லை’ என்று எழுதலாம்.

கடிதத்தின் அடியில் முடிவெடுத்தவரின் பெயர், பதவி, மேல்முறையீட்டு அலுவலரின் முகவரி, 30 நாள் அவகாசம் ஆகியவை இருக்க வேண்டும். பகுதி மறுப்புக்கும் மேல்முறையீடு உண்டு. இந்த வரிகளை விட்டுவிட்டால், மறைத்தது சரியாகவே இருந்தாலும் கடிதம் மேல்முறையீட்டில் குறைபாடுள்ளதாகிவிடும்.