கண்ணும் கருவியும்

தம்பானூர் கடையில் ஒரு நீலப் பனியன். அதன் கை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் யார் வாங்குவார்கள்?

திருப்பூர் சாயப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே நீலத் துணி தயார். டியூப் லைட்டில் அது மாதிரித் துணியைப் போலவே தெரிந்தது. வெயிலில் வேறாகத் தெரிந்தது. கண்ணை மட்டும் நம்ப முடியவில்லை.

நிறத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அதன் பெயர் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். ஈரத் துணி கருத்துத் தெரியும். அதனால் துணியை உலர்த்தி, ஆற வைத்தார்கள். நான்காக மடித்துக் கருவியில் வைத்தார்கள். கருவி துணிமேல் ஒளி பாய்ச்சியது. திரும்பி வந்த ஒளியை அளந்தது. நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுத்தார்கள்.

மாதிரியைவிட வெளுப்பு 0.3 கூடுதல். சிவப்பு 0.4 கூடுதல். மஞ்சள் 1.2 கூடுதல்.

ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினார்கள். 0.09, 0.16, 1.44 வந்தன. கூட்டினால் 1.69. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 1.69 வரும்? 1.3. அதுதான் மொத்த வேறுபாடு.

துணி வாங்குபவர் சொன்ன எல்லை 1. துணி தேறவில்லை. விட்டால் சரக்கு திரும்பி வரும். நஷ்டம் பட்டறைக்கு.

மஞ்சள்தான் அதிகம் என்று எண் காட்டியது. சிறிது நீலச் சாயம் சேர்த்தார்கள். மறுபடி அளந்தார்கள். வேறுபாடு 0.7. துணி தேறியது.