கடைசிப் பந்துக்கு முன்பே எழுதி முடிக்க வேண்டியவை

விளையாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் செய்தி டெஸ்க்குக்குப் போயாக வேண்டும். அதற்கான வழியை ஒரே ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 2023 ஐ.பி.எல். இறுதிப்போட்டி, அகமதாபாத், சென்னை சூப்பர் கிங்ஸ் எதிர் குஜராத் டைட்டன்ஸ். மே 28ஆம் தேதி நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அந்த மறுநாளும் மழை வந்து, ஆட்டம் முடியும்போது மணி இரவு ஒன்றரையைத் தொட்டிருந்தது. அந்த நேரத்தில் வெளியூர்ப் பதிப்புகள் அச்சுக்குப் போய்விடும், நகரப் பதிப்புக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவசரச் செய்தியில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அந்த ஓர் ஆட்டத்தில் இருந்தன.

1. செய்தியைக் கீழிருந்து எழுதுங்கள். வாசகர் முதலில் படிக்கும் பத்தியைத்தான் நீங்கள் கடைசியாக எழுத வேண்டும். முதல் இன்னிங்ஸ் முடிந்ததுமே அதைப் பற்றிய பத்தி தயாராக இருக்க வேண்டும். அதன்பின் எது நடந்தாலும் அந்த எண்கள் மாறப்போவதில்லை. அன்று குஜராத் 20 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 214 ரன் எடுத்தது. அதுவரை ஐ.பி.எல். இறுதிப்போட்டி எதிலும் எந்த அணியும் எடுக்காத ரன் அது. அதில் 96 ரன், 47 பந்தில், சென்னைப் பையன் சாய் சுதர்சனுடையது. கடைசி ஓவரில் பதிரனாவை அடுத்தடுத்து இரண்டு சிக்சர் அடித்துவிட்டு அடுத்த பந்திலேயே எல்.பி.டபிள்யூ. ஆனார். இதை இடைவேளையிலேயே எழுதி முடித்துவிடலாம். அதன்பின் சென்னை மூன்று பந்து ஆடியதும் மழை கொட்டி, நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. மழை நேரத்தில் டீ குடிக்கப் போவதில் தவறில்லை, ஆனால் முதல் இன்னிங்ஸ் பத்தியை முடித்துவிட்டுப் போங்கள்.

பின்னணித் தகவல்களையும் அப்போதே எழுதிவிடுங்கள். தோனிக்கு அது 250ஆவது ஐ.பி.எல். ஆட்டம். அதுவே தன் கடைசி ஐ.பி.எல். ஆட்டம் என்று அம்பதி ராயுடு முன்கூட்டியே அறிவித்திருந்தார். குஜராத் நடப்பு சாம்பியன். சென்னை வென்றால் ஐந்தாவது கோப்பை. இவையெல்லாம் யார் வென்றாலும் செய்தியில் எங்காவது உட்காரும்.

2. இரண்டாவது இன்னிங்ஸில் குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் இன்னும் தேவைப்படுவது. ஓவர் முடிந்ததும் வலப்பக்கத்தில் இரண்டே எண் போதும்: எத்தனை ரன், எத்தனை பந்து. அன்றைய இரவின் வலப்பக்கத்தில் சில வரிகள் மட்டும் இப்படி இருந்திருக்கும்: 7 ஓவர் முடிவில் 93 ரன், 48 பந்து. 12 ஓவர் முடிவில் 38 ரன், 18 பந்து. 13 ஓவர் முடிவில் 21 ரன், 12 பந்து. 14 ஓவர் முடிவில் 13 ரன், 6 பந்து. ஆட்டம் முடிந்தபின் எது திருப்புமுனை என்று மூளையைக் கசக்க வேண்டியிருக்காது, இந்த எண்களே சொல்லிவிடும்.

3. திருப்புமுனை வேறு, உச்சக்கட்டம் வேறு. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தை நினைத்தால் எல்லோருக்கும் ஜடேஜாவின் கடைசி இரண்டு பந்துதான் கண்முன் வரும். அது உச்சக்கட்டம், முதல் பத்தியில் அதற்குத்தான் இடம். ஆனால் கடைசி ஓவருக்கு 13 ரன் மட்டுமே மிச்சமிருந்தது எப்படி என்று வாசகர் கேட்பாரே, அதற்கான பதில்தான் திருப்புமுனை. வலப்பக்க எண்களைத் திரும்பப் பாருங்கள். 12 ஓவர் முடிந்தபோது 18 பந்தில் 38. அப்போது சென்னை பின்தங்கித்தான் இருந்தது. மோகித் சர்மா வீசிய 13ஆவது ஓவரின் முதல் மூன்று பந்தில் ராயுடு சிக்சர், பவுண்டரி, சிக்சர் என 16 ரன் எடுத்தார். தேவை 15 பந்தில் 22 ஆகக் குறைந்தது. நான்காவது பந்தில் அதே மோகித்திடம் ராயுடு அவுட். ஐந்தாவது பந்தில் தோனி, சந்தித்த முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்து வெளியேறினார். ஒரே ஓவருக்குள் ஆட்டம் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. இந்த ஓவருக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்காத செய்தி, கடைசி ஓவரை எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் அரைகுறைதான்.

ஒரு நிகழ்வு திருப்புமுனையா என்று சோதிக்க நான் வைத்திருக்கும் கேள்வி இது: இதற்குப் பிறகு தேவையின் கணக்கு மாறியதா, மாறியது மாறியபடி நின்றதா? குஜராத் இன்னிங்ஸின் தொடக்கத்தில் சுப்மன் கில் 3 ரன்னில் இருந்தபோது தீபக் சஹார் ஒரு கேட்சைத் தவறவிட்டார். அந்த நேரத்தில் எல்லோரும் தலையில் கைவைத்திருப்பார்கள். அந்தப் பருவம் முழுக்க கில் ரன்னாகக் குவித்தவர் அல்லவா? ஆனால் 39 ரன்னில் ஜடேஜாவின் பந்தில் தோனி அவரை ஸ்டம்பிங் செய்துவிட்டார். தவறவிட்ட கேட்சுக்கான விலை 36 ரன்னோடு நின்றது. அதற்கு ஒரு வரி போதும். நடந்த நிமிடத்தின் பதற்றத்தில் அதைத் திருப்புமுனை என்று எழுதி வைத்துவிட்டால், பிறகு அதை நீக்க மனசு வராது. அதனால் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வையுங்கள்.

நூர் அகமது வீசிய 7ஆவது ஓவர் நேர்மாறு. பார்க்கப் பரபரப்பில்லாத ஓவர் அது. ஆனால் 74 ரன் சேர்த்திருந்த ருதுராஜ் கெய்க்வாட், டெவன் கான்வே இருவரையும் அந்த ஒரே ஓவரில் அவர் வெளியேற்றினார். ஓடிக்கொண்டிருந்த சென்னை அங்கே தடுமாறியது. இதற்கு இரண்டு வரி கட்டாயம் வேண்டும்.

யாரும் கவனிக்காமல் விடும் திருப்புமுனை ஒன்றும் அன்று இருந்தது. அது மழை. 20 ஓவரில் 215 என்ற இலக்கு 15 ஓவரில் 171 ஆனது. ஓவருக்கு 10.75 ரன் என்றிருந்த தேவை 11.4 ஆனது உண்மைதான். ஆனால் அதே பத்து விக்கெட்டை 20 ஓவருக்குப் பதில் 15 ஓவருக்குப் பங்கிட்டால் போதும், முதல் பந்திலிருந்தே துணிந்து அடிக்கலாம். கான்வே 25 பந்தில் 47, ரகானே 13 பந்தில் 27 என்று அடித்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மழை சென்னைக்கு உதவியது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இலக்கு எப்படி மாறியது, அதை அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று எழுதினால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

4. கடைசி ஓவர் தொடங்கும்போது உங்கள் திரையில் இரண்டு இன்ட்ரோ இருக்க வேண்டும். சென்னைக்கு ஒன்று, குஜராத்துக்கு ஒன்று. மோகித்தின் முதல் நான்கு பந்தில் மூன்றே ரன் வந்தபோது, இரண்டு பந்தில் 10 ரன் தேவை. அந்தக் கணத்தில் குஜராத் இன்ட்ரோதான் மேலே இருந்திருக்கும்: “கடைசி ஓவரில் மோகித் சர்மா யார்க்கர்களால் கட்டிப்போட, குஜராத் டைட்டன்ஸ் தொடர்ந்து இரண்டாவது முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது.” ஐந்தாவது பந்து சிக்சர், ஆறாவது பந்து பவுண்டரி. இப்போது கீழே இருந்தது மேலே வருகிறது: “கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்ற நிலையில் ரவீந்திர ஜடேஜா சிக்சரும் பவுண்டரியும் விளாச, சென்னை சூப்பர் கிங்ஸ் 5 விக்கெட் வித்தியாசத்தில் குஜராத் டைட்டன்ஸை வீழ்த்தி ஐந்தாவது முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது.” கடைசிப் பந்தில் மூன்று ரன் மட்டும் வந்திருந்தால் ஸ்கோர் சமன், சூப்பர் ஓவர். அதற்கும் ஒரு வரி ஓரமாக இருக்கட்டும்.

வேண்டாத இன்ட்ரோவை அனுப்பும் முன் முழுதாக அழித்துவிடுங்கள். கீழே எங்காவது “குஜராத் கோப்பையைத் தக்கவைத்தது” என்று ஒரு வாக்கியம் தங்கிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க அந்த நேரத்தில் டெஸ்கில் ஆள் இருக்காது.

5. இறுதி ஸ்கோரை ஒரே வரியில், முழு நிபந்தனையோடு எழுதுங்கள். “குஜராத் 214/4, சென்னை 171/5” என்று மட்டும் போட்டால், ஆட்டம் பார்க்காத ஒருவர் காலையில் சென்னை 43 ரன்னில் தோற்றதாகத்தான் புரிந்துகொள்வார். சரியான வரி இது: குஜராத் 20 ஓவரில் 214/4, சென்னை 15 ஓவரில் 171/5 (மாற்றப்பட்ட இலக்கு 15 ஓவரில் 171), டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் முறைப்படி சென்னை 5 விக்கெட்டில் வெற்றி. இரண்டாவதாக ஆடி வென்ற அணி விக்கெட் கணக்கிலும், முதலில் ஆடி வென்ற அணி ரன் கணக்கிலும் வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களே அதிகாலையில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஆட்ட நாயகன் கான்வே. ஜடேஜாவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதாமல், அறிவிப்பு வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

6. எண்களை எண்களாலேயே சரிபாருங்கள், ஒரு நிமிடம் போதும். சென்னையின் ஏழு பேர்: ருதுராஜ் 26, கான்வே 47, துபே 32, ரகானே 27, ராயுடு 19, தோனி 0, ஜடேஜா 15. கூட்டினால் 166, உதிரி 5, மொத்தம் 171. பந்துகளையும் அதே வரிசையில் கூட்டுங்கள்: 16, 25, 21, 13, 8, 1, 6. மொத்தம் 90, அதாவது சரியாக 15 ஓவர். ரன்னும் பந்தும் இரண்டும் நேரானால் நீங்கள் எழுதிய தனிநபர் ஸ்கோர்களை நம்பலாம். கூட்டல் ஒன்றிரண்டு இடித்தால் அநேகமாக உதிரி ரன்னில் தவறு. பத்து இருபது இடித்தால் யாரோ ஒருவரின் ஸ்கோரைப் பாதி ஆட்டத்தில் எழுதி, பிறகு புதுப்பிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஆட்டமிழக்காதவர்களை முதலில் பாருங்கள், துபேவும் ஜடேஜாவும் அன்று கடைசிவரை நின்றவர்கள்.

7. பத்திகளை வெட்டத் தோதாக அடுக்குங்கள். முடிவும் ஸ்கோரும் முதலில், பிறகு கடைசி ஓவர், 13ஆவது ஓவர், மழையும் மாறிய இலக்கும், நூர் அகமது, கடைசியில் குஜராத் இன்னிங்ஸ். பக்கத்தில் இடமில்லையென்றால் டெஸ்க் கீழிருந்துதான் வெட்டும். சாய் சுதர்சனின் 96 வெட்டுப்படக் கூடாது என்று நினைத்தால் அவர் பெயரை மூன்றாவது பத்திக்குள் ஒரு வரியில் கொண்டுவந்துவிடுங்கள். தமிழ் வாசகர் காலையில் அதைத் தேடுவார்.

8. முதல் காப்பியை அனுப்பியபின் எழுந்துவிட வேண்டாம். பேட்டிகள், பரிசளிப்பு, ராயுடுவையும் ஜடேஜாவையும் அழைத்துக் கோப்பையைப் பெற்றுக்கொள்ளச் செய்த தோனி, எல்லாம் அடுத்த பதிப்புக்கு. அதை எழுதத் தொடங்கும் முன் அனுப்பிய காப்பியை ஒருமுறை அதிகாரப்பூர்வ ஸ்கோர்கார்டோடு வைத்துப் பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், டெஸ்க்குக்கு நேரே போன் செய்து, எந்தப் பத்தி, எந்த வரி, எந்த எண் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் திருத்தியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு போனை வையுங்கள்.